Pillar Echo-வுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது?

மங்கை:
அன்புடையீர், வணக்கம். வரும் சனிக்கிழமை எங்கள் கல்லூரியில் கேடென்லைவ் என்னும் காணொளித் தொகுப்பியில் பயிற்சி நடத்துகிறேன். கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த துணுக்கை, படுக்கைவசமாக எடுத்த துணுக்குகளோடு ஒரே காலக்கோட்டில் வைத்தால் அதன் இருபுறமும் கரும்பட்டைகள் வந்துவிடுகின்றன. அதே காட்சியைப் பெரிதாக்கி, மங்கச்செய்து, அந்தப் பட்டைகள் இருக்கும் இடத்தில் பரப்பும் விளைவுக்கு அங்கே `Pillar Echo` என்று பெயர். கையேட்டில் 'தூண் எதிரொலி' என்று எழுதினேன்; ஒலிப்பாடம் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்களோ என்று பிறகு நானே அடித்துவிட்டேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும்.

குமரவேல்:
அம்மா, காட்சிக்கு எதிரொலி கிடையாது, நிழல்தான் உண்டு. 'நிழல்' என்பதற்குப் பிரதிபிம்பம் என்ற பொருளும் பழைய வழக்கில் உள்ளது, நிழற்படம் என்கிறோமே. 'மருங்கு' என்றால் பக்கம். ஆகவே 'மருங்குநிழல்' எனலாம். மென்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் நகரம் வருவதால் ஒற்று மிகாது என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன்.

பீட்டர்:
ஐயா, மருங்கு என்றதும் என் மாணவர்களுக்கு இடுப்புதான் நினைவுக்கு வரும். அதை விடுங்கள். துணுக்கைச் சட்டகம் நிறையும் வரை பெரிதாக்கிவிட்டால் பட்டையே இராது. பட்டை இல்லையென்றால் சொல்லும் தேவையில்லை.

தாமரை:
பீட்டர் ஐயா சொல்வது பாதி சரி. 1080 படப்புள்ளி அகலமும் 1920 படப்புள்ளி உயரமும் உள்ள துணுக்கை 1920 அகலத்துக்கு விரித்தால் அதன் உயரம் ஏறத்தாழ 3413 ஆகிவிடும். சட்டகத்தில் 1080 மட்டுமே தெரியும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெட்டுப்படுகிறது. பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பேசும் துணுக்கு ஒன்றை அப்படிச் செய்து பார்த்தேன்: முகம் இருந்தது, பூத்தொடுத்துக்கொண்டிருந்த கை போய்விட்டது. வெட்டாமல் உயரத்தைப் பொருத்தினால் காட்சி 608 அகலத்தில் நடுவில் நிற்கும். இருபுறமும் 656 வீதம் வெற்றிடம் இருக்கும். அதைத்தான் மங்கல் கொண்டு நிரப்புகிறோம். கட்டளைவரியில் இப்படி:

```
ffmpeg -i a.mp4 -filter_complex "[0:v]split[p][q];
[p]scale=1920:1080:force_original_aspect_ratio=increase,
crop=1920:1080,boxblur=20,eq=brightness=-0.1[bg];
[q]scale=-2:1080[fg];[bg][fg]overlay=(W-w)/2:0" b.mp4
```

மங்கல் போதாவிட்டால் நடுவில் ஒரு பாட்டி, பின்னால் பெரிய பாட்டி ஒருவர் என்று இரண்டு முகம் தெரியும். பின்னணியில் இருப்பது முகம் என்றே அடையாளம் தெரியாத அளவுக்கு மங்கவேண்டும், சற்று இருளவும் வேண்டும். ஓடும் குழந்தையைப் பின்தொடர்ந்து எடுத்த துணுக்கில் எவ்வளவு மங்கினாலும் ஓரங்கள் அலைந்துகொண்டே இருக்கும். அங்கே ஒரே நிறப் பின்னணிதான் கண்ணுக்கு இதம்.

இராசாத்தி:
எனக்கும் இதே தொல்லை. நிமிர்த்தி எடுத்த வளைகாப்புத் துணுக்கு, தொகுப்பியில் போட்டதும் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. 'படுத்த காட்சி' என்று பெயரிடலாமா?

தாமரை:
அக்கா, அது வேறு சிக்கல். கைபேசி பெரும்பாலும் காட்சியைப் படுக்கைவசமாகவே பதிந்து, திருப்பிக் காட்டு என்ற குறிப்பை மட்டும் கோப்பில் வைக்கிறது. உங்கள் தொகுப்பி அந்தக் குறிப்பைப் படிக்கவில்லை. 90 பாகை திருப்பிவிட்டுப் பிறகு நிரப்புங்கள்.

குமரவேல்:
'தூண்' எங்கிருந்து வந்தது என்பதை யாரும் கேட்கவில்லை. மேலும் கீழும் பட்டை வந்தால் ஆங்கிலத்தார் அதைக் கடிதம் போடும் துளையோடு ஒப்பிட்டார்கள். பக்கங்களில் வந்தபோது, பிரித்தானியத் தெருக்களில் தூண்போல நிற்கும் சிவப்புத் தபால்பெட்டியின் பெயரை வைத்தார்கள். அவர்களுடைய தபால்பெட்டிச் சிலேடையை நாம் ஏன் சுமக்கவேண்டும்?

பீட்டர்:
நம் தெருக்களிலும் அதே சிவப்புப் பெட்டி நிற்கிறதே, ஐயா! ஆனால் மருங்குக்கு வேறு ஆபத்து உண்டு. என் மாணவர்கள் நிமிர்ந்த சட்டகத்தில்தான் தொகுக்கிறார்கள். அதில் படுக்கைத் துணுக்கை வைத்தால் அதே 656 மேலும் கீழும் வரும். அங்கே மருங்கு எங்கே, தூண் எங்கே?

மங்கை:
இதை நான் எண்ணிப்பார்க்கவில்லை. அப்படியானால் திசையைச் சொல்லாத 'மங்கல் நிரப்பு' போதுமா?

தாமரை:
போதும். கேட்டவுடன் செய்கை புரிகிறது.

குமரவேல்:
நிரப்பு என்பது ஏவல் வினையாகவும் நிற்கும். பொத்தானில் பார்ப்பவர் அதைக் கட்டளையாகவே படிப்பார். நிழல் போனதில் எனக்கு வருத்தமே. 'சூழ்நிழல்' என்றால் நான்கு திசைக்கும் பொருந்தும்; என் வாக்கு அதற்குத்தான்.

பீட்டர்:
பொத்தானில் கட்டளையாகப் படித்தால் நல்லதுதானே, ஐயா? அழுத்தினால் அது அதைத்தான் செய்யப்போகிறது.

மங்கை:
வியாழன் காலை ஆகிவிட்டது. 'மங்கல் நிரப்பு' என்றே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். மாணவர் திரையில் தேட வசதியாகப் பக்கத்தில் `Pillar Echo` என்ற பெயரும் இருக்கும். குமரவேல் ஐயாவின் 'சூழ்நிழல்' அடிக்குறிப்பில் உள்ளது.

குமரவேல்:
அடிக்குறிப்பிலாவது 'சூழ்' என்பதில் ழகரம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அம்மா.