புதுப்பிப்பு: கிடங்கு கேமரா சிக்கல் பாதி தீர்ந்தது

என் பழைய கேள்வி: “கிடங்கின் இரு முனையிலும் கேமரா, நடுவில் ஆக்சஸ் பாயிண்ட். தனித்தனியே ஓடினால் சரி, சேர்ந்து ஓடினால் படம் உறைகிறது. சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது. ஏன்?”

ஆக்சஸ் பாயிண்டின் பவரைக் கூட்டச் சொன்ன நண்பரே, கூட்டினேன், பயனில்லை. நடுவிலுள்ள இரும்பு அலமாரிகளால் இரு முனைகளுக்கும் ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்பதில்லை. காற்று காலி என்று நினைத்து இரண்டும் ஒரே நேரத்தில் அனுப்ப, நடுவில் மோதல். பக்கத்து வீட்டு வைஃபை தொல்லை என்றவரின் கதை வேறு. எனக்கு அந்தச் சேனலில் வேறு யாருமில்லை.

அனுப்பும் முன் ‘அனுப்பலாமா’ என்று சின்னச் செய்தியில் அனுமதி கேட்கும் ஆர்.டி.எஸ். பற்றிச் சொன்ன அண்ணன் சொன்னதே சரி. ஆனால் முதலில் அதை ஆக்சஸ் பாயிண்டில் போட்டு ஏமாந்தேன். அனுப்புபவர்தானே அனுமதி கேட்க வேண்டும்! கேமராக்களில் அந்த வசதி இல்லை. அவற்றை இணைக்கும் இரு லினக்ஸ் பெட்டிகளிலும் போட்டேன்:

```
iw phy phy0 set rts 500
```

இப்போது ஃபிரேம் எனும் வைஃபை தரவுத் துண்டு 500 பைட்டுக்கு மேற்பட்டால், அதற்கு முன் 20 பைட் ஆர்.டி.எஸ். போகிறது. பதிலாக ஆக்சஸ் பாயிண்டிலிருந்து வரும் சி.டி.எஸ். என்ற அனுமதியை மறுமுனையும் கேட்டு, அதில் சொன்ன நேரம்வரை வாயை மூடிக்கொள்கிறது. ஆர்.டி.எஸ்.களே மோதினாலும் இழப்பு சிறிதுதான்.

படம் உறைவது நின்றது. ஆனால் ஒரு கேமரா தனியே ஓடும்போது வேகம் கொஞ்சம் குறைகிறது, சின்ன ஃபிரேம்கள் இன்னும் மோதுகின்றன. 500ஐ இன்னும் இறக்கலாமா, அண்ணா?