எங்கல்ஃபிங் வடிவத்தின் பலனைச் சோதிக்கிறேன்: எந்த நாள்களோடு ஒப்பிடுவது?

வினவி: வணக்கம். பல பங்குகளின் தினசரி விலைத் தரவில் புல்லிஷ் எங்கல்ஃபிங் வடிவத்தைச் சோதித்து வருகிறேன். முந்தைய ஐந்து நாள்களில் விலை இறங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தேன். கிடைத்த 1,240 சிக்னல்களில் 56 சதவீதம் ஐந்தாம் நாள் குளோஸில் லாபத்தில் இருந்தன. இத்தனை சிக்னல்களுக்குத் திட்டப்பிழை ஏறத்தாழ 1.4 புள்ளிதான் என்பதால், 50-க்கு மேல் 6 புள்ளி என்பது பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது. ஆனாலும் இதை நம்பிப் பணம் போட மனம் வரவில்லை. சோதனையில் எது விடுபட்டிருக்கிறது?

```python
bull = (c.shift(1) < o.shift(1)) & (c > o) \
     & (o <= c.shift(1)) & (c >= o.shift(1))
sig = bull & (c.shift(1) < c.shift(6))
ret = c.shift(-5) / o.shift(-1) - 1
```

அலைவரிசை: 50 சதவீதத்தோடு ஒப்பிட்டது தவறு. ஏறுமுகச் சந்தையில் எந்த நாளில் வாங்கினாலும் பாதிக்கு மேல் லாபத்தில்தான் முடியும். அதே பங்குகளில், அதே காலத்தில், ஏதோவொரு நாளைக் குலுக்கல் முறையில் எடுத்து அதே கணக்கைப் போடுங்கள். அதற்கு மேல் நிற்பதுதான் வடிவத்தின் பலன்.

திரிவிளக்கு: நான் ஐந்து நிமிட சார்ட்டில் வால்யூம் கூடும்போது மட்டும் எங்கல்ஃபிங்கை எடுக்கிறேன், அந்த கேண்டிலின் அடியில் ஸ்டாப்லாஸ். எனக்கு நன்றாகவே வேலை செய்கிறது. நீங்களும் வால்யூமைச் சேர்த்துப் பாருங்கள்.

வினவி: நன்றி, திரிவிளக்கு, ஆனால் வால்யூமைச் சேர்ப்பதற்கு முன், வடிவம் தனியாக எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளவே விரும்புகிறேன். அலைவரிசை சொன்னபடி குலுக்கல் நாள்களை எடுத்ததில் 54 சதவீதம் வந்தது. அப்படியென்றால் வடிவத்துக்கு 2 புள்ளி என்று கொள்ளலாமா?

நிகர்மதிப்பு: இன்னும் கொள்ள முடியாது. உங்கள் சிக்னல்கள் எல்லாமே ஒரு வாரச் சரிவுக்குப் பிறகு வருபவை. குலுக்கல் நாள்கள் அப்படியல்ல. குறுகிய காலத்தில் அதிகம் விழுந்த பங்கு ஓரளவு மீள்வது தனியாகவே நன்கு அறியப்பட்ட போக்கு. அந்த 2 புள்ளி சரிவினால் வந்ததா, கேண்டிலின் வடிவத்தினால் வந்ததா என்பதைக் குலுக்கல் நாள்களால் பிரித்துக் காட்ட இயலாது.

ஆகவே ஒவ்வொரு சிக்னலுக்கும் ஓர் இணை நாளைத் தேடுங்கள். அது அதே பங்காக இருக்க வேண்டும். முந்தைய ஐந்து நாள் இறக்கமும், அன்றைய குளோஸ் முந்தைய குளோஸிலிருந்து ஏறிய சதவீதமும், அண்மைய ஏற்ற இறக்கத்தின் அளவும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். எங்கல்ஃபிங் மட்டும் இருக்கக் கூடாது. எந்தச் சிக்னலுக்கும் முன்பின் ஐந்து நாள்களுக்குள் வரும் நாளை விலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இரு பக்கமும் ஒரே விலை நகர்வையே எண்ணுவீர்கள். இப்படிப் பொருத்திய பின் பெரும்பாலும் மிஞ்சும் வேறுபாடு, நேற்றும் இன்றும் ஓப்பன் எங்கே அமைந்தது என்பதுதான். எங்கல்ஃபிங்கை நம்புகிறவர், அந்த இரு ஓப்பன்களும் எதையோ முன்கூட்டிச் சொல்கின்றன என்றுதான் உண்மையில் நம்புகிறார்.

வினவி: செய்து பார்த்தேன். இணை நாள்களில் 55.4 சதவீதம். வித்தியாசம் 0.6 புள்ளிக்குச் சுருங்கிவிட்டது. திட்டப்பிழையில் பாதிகூட இல்லை.

அலைவரிசை: இதில் எனக்கு உடன்பாடில்லை. இன்றைய ஏற்றம் வடிவத்தின் ஒரு பகுதி. அதையும் பொருத்திவிட்டால், சோதிக்க வந்த பொருளிலேயே பாதியைக் கழித்துவிடுகிறீர்கள் அல்லவா?

நிகர்மதிப்பு: நியாயமான கேள்வி. அதனால்தான் இரண்டு ஒப்பீடுகளையும் தனித்தனியே நடத்த வேண்டும். சரிவை மட்டும் பொருத்தினால், ‘சரிவுக்குப் பிறகு வலுவான ஏற்ற நாள் வந்தால் பலன் உண்டா’ என்பதற்கு விடை கிடைக்கும். ஏற்றத்தையும் பொருத்தினால், கேண்டிலின் உருவத்துக்கென்று தனிப் பலன் உண்டா என்பது தெரியும். முதலாவதில் வித்தியாசம் இருந்து இரண்டாவதில் இல்லையென்றால், கேண்டில் வரையாமலேயே குளோஸ் விலைகளை மட்டும் வைத்து அதே வேலையைச் செய்துவிடலாம்.

வினவி கவனிக்க வேண்டியது இன்னொன்று: அந்த 1.4 புள்ளி மிகக் குறைவான மதிப்பீடு. சந்தை முழுதும் விழுந்து எழும் நாளில் பல பங்குகள் ஒன்றாகவே எங்கல்ஃபிங் காட்டும். ஒரே நாளில் வந்த 40 சிக்னல்கள் 40 தனிச் சான்றுகள் ஆகா. சிக்னல்களைத் தேதிவாரியாகக் கட்டி, தேதிகளையே மறுபடி மறுபடி குலுக்கி எடுத்துப் பிழையைக் கணக்கிடுங்கள். மார்ஷல், யங், ரோஸ் மூவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, டவ் ஜோன்ஸ் பங்குகளின் 1992 முதல் 2002 வரையிலான தரவில், சீரற்ற முறையில் உருவாக்கிய விலைத் தொடர்களோடு ஒப்பிட்டபோது, கேண்டில்ஸ்டிக் உத்திகள் லாபம் தரவில்லை என்றே முடித்தது.

திரிவிளக்கு: அது தினசரித் தரவு, ஐந்து நிமிடத்துக்குப் பொருந்தாது.

நிகர்மதிப்பு: பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விடாமல் வணிகம் நடக்கும் ஐந்து நிமிடத் தரவில் ஓப்பன் பெரும்பாலும் முந்தைய குளோஸை ஒட்டியே இருக்கும். அங்கே `<=` என்பதை `<` என்று மாற்றினால் எத்தனை சிக்னல்கள் மறைகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

வினவி: தேதிவாரியாகக் கட்டிய பிழையையும், சரிவை மட்டும் பொருத்திய ஒப்பீட்டையும் இப்போது ஓட்டுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது: கடும் சரிவு நாள்களில் சில சிக்னல்களுக்கு இணை நாளே கிடைக்கவில்லை. அவற்றை விட்டுவிடலாமா, அல்லது பொருத்தும் வரம்பைத் தளர்த்த வேண்டுமா?