‘ஆசிரியர்’ என்றால் யார்? `author`, `dateModified` ஆகியவற்றுக்குத் தமிழ்

நிரோஷன், வெள்ளவத்தை

வணக்கம்.

நாங்கள் நடத்தும் சிறு சஞ்சிகையின் தளத்தில் கட்டுரை ஏற்றும் படிவத்தைத் தமிழாக்கியது நான்தான். `author` என்ற கட்டத்துக்கு ‘ஆசிரியர்’ என்று போட்டிருந்தேன். அதில் நிரப்புவது பக்கத்துக்குள்ளே மறைவாகப் போய்ச் சேரும், தேடுபொறி அதை வாசிக்கும். நேற்று ஒரு பழைய கட்டுரையை கூகிளின் Rich Results Test என்ற சோதனைக் கருவியில் போட்டுப் பார்த்தேன். எழுதியவர் என்று எங்கள் சஞ்சிகை ஆசிரியரின் பெயர் நின்றது. அடுத்ததைப் பார்த்தால் அதே பெயர். மூன்று வருடமாக எல்லாவற்றையும் அவரே எழுதித் தள்ளியதாகப் போயிருக்கிறது!

தட்டச்சுச் செய்யும் தங்கச்சியிடம் கேட்டேன். “அண்ணா, ஆசிரியர் என்றுதானே கேட்டிருக்கு?” என்றாள். அவளில் பிழையில்லை. சோதனைக் கருவியும் பச்சை காட்டிக்கொண்டுதான் இருந்தது.

எனக்கு இரண்டு சொல் வேண்டும், `author` க்கும் `dateModified` க்கும். முடிந்தால் இந்த முழுச் சங்கதிக்கும் ஒரு பெயர். ‘கட்டமைக்கப்பட்ட தரவு’ என்று சொன்னால் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை.

வாசுகி, தெஹிவளை

தம்பி, கருவி பச்சை காட்டியது சரிதான். வடிவம் ஒழுங்கா என்று மட்டும்தான் அது பார்க்கும். பெயர் உண்மையா என்று அதற்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் வாசகர் காணும் பெயரும் உள்ளே எழுதிய பெயரும் ஒன்றா என்பதை நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

‘ஆசிரியர்’ நமக்குப் பள்ளிக்கூடத்திலும் இருக்கிறார், பத்திரிகையிலும் இருக்கிறார், நூலின் அட்டையிலும் இருக்கிறார். இந்தக் கட்டங்களின் பெயர்களை வரையறுக்கும் schema.org இல் `author` வேறு, `editor` வேறு. உங்கள் கட்டுரைக்கு இவ்வளவு போதும்:

```json
{
  "@context": "https://schema.org",
  "@type": "Article",
  "headline": "கட்டுரைத் தலைப்பு",
  "author": {
    "@type": "Person",
    "name": "எழுதியவரின் பெயர்"
  },
  "editor": {
    "@type": "Person",
    "name": "சஞ்சிகை ஆசிரியரின் பெயர்"
  },
  "datePublished": "2024-03-03T06:15:00+05:30",
  "dateModified": "2024-03-09T21:10:00+05:30"
}
```

`name` இல் பெயர் மட்டும். ‘எழுதியவர்:’ என்ற முன்னொட்டையோ, ‘எமது செய்தியாளர்’ என்ற பதவியையோ அதற்குள் சேர்க்கவேண்டாம். இரண்டு பேர் எழுதினால் ஒரே வரியில் ‘இன்னாரும் இன்னாரும்’ என்று போடாமல் ஆளுக்கொரு `author` ஆகப் பிரித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த நீளப் பெயருடைய ஒரே ஆளாகத்தான் எடுபடும்.

சொல்லுக்கு என் வாக்கு: ‘எழுதியவர்’.

சிவபாலன், பம்பலப்பிட்டி

பிள்ளைகளே, இதற்குச் சொல் எப்போதோ இருக்கிறது. நன்னூலில் சிறப்புப்பாயிரம் சொல்லவேண்டிய எட்டையும் அடுக்கும்போது முதலில் வருவதே ‘ஆக்கியோன் பெயர்’. பிறகு வழி, எல்லை, நூற்பெயர் என்று போகும். அந்த எட்டோடு காலம், களன், காரணம் மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு என்கிறது அடுத்த சூத்திரம். யார் ஆக்கியது, என்ன பெயர், எந்தக் காலம்: நிரோஷனின் படிவம் கேட்பதும் இதைத்தானே?

ஆகவே `author` க்கு ‘ஆக்கியோன்’. முழுதுக்கும் ‘பாயிரத்தரவு’.

பஸ்லி, கொட்டாஞ்சேனை

சேர், பாயிரத்தரவு நல்லாத்தான் இருக்கு. ஆனால் என்னுடைய கேள்வி வேறு. `author` இல் ஆசிரியர் பெயர் போனால் என்ன பெரிய நட்டம்? நிறுவனத்தின் பெயரையே போடலாமே, அதற்கு `Organization` இருக்கிறது. எங்கள் செய்தித் தளத்தில் நான் அப்படித்தான் செய்கிறேன். இன்னொன்று, `dateModified` ஐ வாரம் ஒருக்கால் மாற்றிவிட்டால் பழைய செய்தியும் தேடலில் மேலே வரும். அதனால் அதற்கு ‘புதுப்பித்த திகதி’ என்று வையுங்கள்.

அப்புறம் ஒரு சந்தேகம். காலை 6.15 க்கு ஏற்றும் செய்தி எங்களுக்கு `2024-03-03T06:15:00Z` என்று பதிகிறது. சரிதானே?

வாசுகி

நிறுவனத்தின் பெயரைப் போடலாம், ஆசிரியர் குழுவாக எழுதியிருந்தால். ஒரு ஆள் தன் பெயரில் எழுதியதற்கு அந்த ஆளின் பெயர்தான்.

`dateModified` பற்றிச் சொன்னது பிழை. உள்ளே ஒன்றும் மாறாமல் திகதியை மட்டும் நகர்த்துவதைச் செய்யவேண்டாம் என்று கூகிளே கேட்டுக்கொள்கிறது. இந்தக் குறிப்புகள் கட்டுரையை மேலே தூக்குகிற நெம்புகோல் இல்லை. எந்தத் திகதியை, எந்தத் தலைப்பை, எந்தப் படத்தைக் காட்டுவது என்று தீர்மானிக்க உதவுபவை. அதையும் காட்டியே தீருவோம் என்று அவர்கள் உத்தரவாதம் தருவதில்லை.

உங்கள் நேரம்தான் உண்மையான பிழை. கடைசியில் நிற்கும் `Z` க்குப் பொருள் கிரீன்விச் நேரம். கொழும்பு அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். அதாவது காலை 6.15 க்கு வந்த செய்தியை 11.45 க்கு வந்ததாகச் சொல்கிறீர்கள். ஏற்றிய நிமிடத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் அது இன்னும் வெளிவராத செய்தி! `+05:30` என்று முடியுங்கள், அல்லது `Z` ஐ வைத்துக்கொண்டு `00:45:00` என்று மாற்றுங்கள். இரண்டும் ஒன்றுதான். ஒன்றும் போடாமல் விட்டால் பக்கங்களை வாசிக்கக் கூகிள் அனுப்பும் Googlebot எந்த நேர வலயத்தில் ஓடுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளும்.

பழைய கட்டுரைகளை ஏற்றுபவர்களுக்கு இன்னொரு விசயம். 2006 ஏப்ரலுக்கு முன் சில வருடங்கள் நம்முடைய மணிக்கூடு ஆறு மணித்தியாலம் முன்னால் ஓடியது, ஞாபகம் இருக்கும். 2003 கட்டுரைக்கு `+06:00`. தளத்தின் அமைப்பில் `Asia/Colombo` என்று தெரிவு செய்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

சிவபாலன் சேர், ‘ஆக்கியோன்’ ஆண்பால். எங்கள் சஞ்சிகைக்காரர் பாதிப் பேர் பெண்கள்.

சிவபாலன்

‘ஆக்கியோர்’ என்று வைத்தால் போயிற்று.

குமுதா, கிருலப்பனை

படிவத்தின் கட்டங்களைப் புலம் என்கிறோமே, முழுதுக்கும் ‘புலத்தரவு’ என்று சொன்னால் என்ன? நாங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ப்பதையும் அப்படித்தான் சொல்கிறோம். போன மாதம் திரட்டியவற்றில் திகதிகள் எல்லாம் குழம்பிப் போய்க் கிடக்கு, அதற்கும் இந்த முறை சரிவருமா?

நிரோஷன்

குமுதா அக்கா, நீங்கள் சொல்வது கள ஆய்வில் திரட்டுவது. இது வேறு. ஆனால் நல்லவேளை சொன்னீர்கள், ‘புலத்தரவு’ என்று வைத்தால் எல்லாரும் உங்களைப்போல்தான் விளங்கிக்கொள்வார்கள்.

`dateModified` க்கு ‘திருத்திய திகதி’ என்று எழுதிப் பார்த்தேன். எங்கள் ஆசிரியர் விடவில்லை. பத்திரிகையில் ‘திருத்தம்’ என்று பெட்டி போட்டால் பிழை விட்டோம் என்று ஒப்புக்கொள்வது, ஒரு பந்தி கூடுதலாகச் சேர்த்ததற்கு ஏன் அப்படிச் சொல்லவேண்டும் என்றார். ‘மாற்றிய திகதி’ என்றால் தங்கச்சி வெளியீட்டுத் திகதியையே மாற்றிவிடுகிறாள். கடைசியில் ‘இற்றைப்படுத்திய திகதி’ என்று வைத்திருக்கிறேன். பக்கத்திலும் அதே சொல், அதே திகதி.

வாசுகி

அதுதான் சரி. பாயிரத்தரவு பற்றி ஒன்று. கட்டுரைக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் இதே முறையில்தான் சமையல் குறிப்பின் வேகும் நேரமும் கடைப் பொருளின் விலையும் போகின்றன. விலையைப் பாயிரம் என்று யாராவது சொல்வார்களா? எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

சிவபாலன்

கட்டுரைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் தமக்கு வேண்டியதைத் தேடிக்கொள்வார்கள்.

நிரோஷன்

சேர், மன்னிக்கவேண்டும், ‘ஆக்கியோர்’ என்று காட்டியதும் தங்கச்சி சிரித்துவிட்டாள். படிவத்தில் இப்போது ‘இந்தக் கட்டுரையை எழுதியவர்’, ‘சஞ்சிகை ஆசிரியர்’ என்று இரண்டு கட்டம். நேற்று முதல் பெயர்கள் சரியாக விழுகின்றன. பழையவற்றை அச்சுப் பிரதியை வைத்து ஒவ்வொன்றாகத் திருத்துகிறோம்.

இன்று காலை அவள் கேட்டது: சிங்களத்திலிருந்து மொழிபெயர்த்த கட்டுரைக்கு ‘எழுதியவர்’ யார், இரண்டு பேருமா?

வாசுகி

மூலத்தை எழுதியவர்தான் `author`. மொழிபெயர்த்தவருக்கு `translator` என்று தனியாக இருக்கிறது. மூன்றாவது கட்டம் ஒன்று போடுங்கள். அதற்காவது பெயரில் சண்டை வராது.

சிவபாலன்

யார் சொன்னது? ‘பெயர்த்தோர்’.