இடையா, நடுவா? இரும மரத்தின் மூன்று நடைகளுக்குப் பெயர்

குடியாத்தத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான தரவுக் கட்டமைப்பு வினாத்தொகுப்பைத் தமிழாக்கி வருகிறோம். இரும மரத்தில் வேரை முதலில் படிக்கும் பிரீஆர்டர், இடக்கிளைக்கும் வலக்கிளைக்கும் இடையில் படிக்கும் இன்ஆர்டர், இறுதியில் படிக்கும் போஸ்ட்ஆர்டர் மூன்றுக்கும் முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை என்று போட்டிருக்கிறேன். இரண்டு வரிசையைக் கொடுத்து மரத்தைக் கேட்கும் வினாவகைக்கு ‘மரமீட்பு’. நோடுக்குக் ‘கணு’. மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகும் முன் சொல்லுங்கள்.

காட்பாடியிலிருந்து:

கணு நல்ல சொல். நம் பக்கத்துக் கரும்பில் முளை கிளம்பும் இடமே கணுதான், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ‘நடுவரிசை’ வேண்டவே வேண்டாம். விடைத்தாளில் அடிக்கடி வரும் ஒரு பிழையை அந்தச் சொல்லே சொல்லிக்கொடுத்துவிடும். ஒரு வினாவைப் பாருங்கள்:

பிரீஆர்டர்: ப ம க த ச ட ய
இன்ஆர்டர்: ம க ப ட ச த ய

‘நடு’ என்று படித்த பிள்ளை இன்ஆர்டரில் சரிநடுவே இருக்கும் நான்காவது எழுத்தை, அதாவது ‘ட’வை, வேர் என்று எடுத்துக்கொள்ளும். வேர் அங்கே இல்லை. வேரைச் சொல்வது பிரீஆர்டரின் முதல் எழுத்து: ப. இன்ஆர்டரில் அது மூன்றாவதாக நிற்கிறது. அதற்கு இடப்பக்கம் ம, க என்று இரண்டு. வலப்பக்கம் ட, ச, த, ய என்று நான்கு.

இனி எண்ணிக்கைதான் பிடி. பிரீஆர்டரில் ‘ப’வுக்கு அடுத்த இரண்டு எழுத்து இடக்கிளைக்கு, மீதி நான்கு வலக்கிளைக்கு. இடக்கிளையில் இரு வரிசையும் ‘ம க’ என்றே வருகின்றன. வேர் ம, அதற்கு இடப்பக்கம் ஒன்றுமில்லை, க வலப்பிள்ளை. வலக்கிளையில் பிரீஆர்டர் ‘த ச ட ய’, இன்ஆர்டர் ‘ட ச த ய’. வேர் த. அதன் இடப்பக்கம் ‘ட ச’ என இரண்டு, வலப்பக்கம் ய மட்டும். அந்த இரண்டில் பிரீஆர்டர் முந்தித் தருவது ச. இன்ஆர்டரில் ‘ச’வுக்கு முன்னால் ட நிற்பதால் ட இடப்பிள்ளை. போஸ்ட்ஆர்டர் கேட்டால் விடை: க ம ட ச ய த ப.

வேர் எந்தப் பிரிவிலும் சரிநடுவில் நின்றாக வேண்டியதில்லை. இரு கிளைக்கும் இடையில் நிற்கிறது, அவ்வளவே. ஒரு கிளை வெறுமையாக இருந்தால் ஓரத்திலும் நிற்கும், மேலே ‘ம’ நின்றதைப் போல. ஆகவே வேரை வைத்தே பெயரிடலாம்: வேர்முதல் நடை, வேரிடை நடை, வேரிறுதி நடை.

ஆரணியிலிருந்து:

வேரிடை அருமை, ஏற்கிறேன். ஆனால் எதற்கு இரண்டு வரிசை என்று பெரிதாகப் பேசுகிறோம்? நான் பார்த்த போட்டித்தேர்வு வினா ஒன்றில் வேர்முதல் வரிசை மட்டும்தான் இருந்தது: 50 30 20 40 70 60. மரம் ஒன்றே ஒன்றுதான் வந்தது. ஒரு வரிசையே போதும்.

காட்பாடியிலிருந்து:

ஐயா, அந்த வினாவில் ‘தேடல் மரம்’ என்ற சொல் இருந்திருக்கும். தேடல் மரத்தின் வேரிடை நடை எப்போதும் ஏறுவரிசை. 20 30 40 50 60 70 என்று அதை நீங்களே எழுதிக்கொள்ளலாம் என்பதால்தான் தரவில்லை. இரண்டாவது வரிசை மறைந்து நிற்கிறது. வெறும் இரும மரமென்றால் வேர்முதல் வரிசை மட்டும் போதாது. மூன்றே கணுவுக்குக்கூட ஒரே வேர்முதல் வரிசையில் 5 மரங்கள் வரும்.

ராணிப்பேட்டையிலிருந்து:

எனக்கு ‘மரமீட்பு’தான் நெருடுகிறது. மீட்பு என்றால் தொலைந்த ஒன்று, அதே ஒன்று, திரும்பக் கிடைக்க வேண்டும். வேர்முதலும் வேரிறுதியும் கொடுத்தால் அது நடக்காதே? ‘ம’வுக்குக் க இடப்பிள்ளையானாலும் வலப்பிள்ளையானாலும் வேர்முதல் ‘ம க’, வேரிறுதி ‘க ம’. இரண்டு வரிசையும் வாய்திறக்கவில்லை.

காட்பாடியிலிருந்து:

சரியாகப் பிடித்தீர்கள் அம்மா. ஒற்றைப் பிள்ளை உள்ள ஒவ்வொரு கணுவிலும் அந்தக் குழப்பம் வரும், ஒவ்வொன்றும் மரங்களின் எண்ணிக்கையை இரட்டிக்கும். மேலே உள்ள மரத்தில் ம, ச இரண்டுக்கும் ஒற்றைப் பிள்ளை. ஆகவே வேர்முதலும் வேரிறுதியும் மட்டும் தந்தால் 4 மரங்கள். எல்லாக் கணுவுக்கும் இரண்டு பிள்ளை அல்லது பிள்ளையே இல்லை என்று இருந்தால்தான் ஒரே மரம்.

குடியாத்தத்திலிருந்து:

தொகுப்பில் அப்படி ஒரு வினா இருக்கிறது, அந்த நிபந்தனை இல்லாமல். விடைக்குறிப்பில் ஒரு மரம்தான் போட்டிருக்கிறது. திருத்துகிறேன். இன்னொன்று: வேரிடையும் வேரிறுதியும் தரும் வினாக்களில் பிள்ளைகள் வேறுவிதமாகத் தடுமாறுகிறார்கள். நிரலாக எழுதும்போதும் அப்படியே.

காட்பாடியிலிருந்து:

வேரிறுதியைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். படித்தால், வலக்கிளை இருக்கும்போது, வேருக்கு அடுத்து வருவது அந்த வலக்கிளையின் வேர். ‘க ம ட ச ய த ப’வில் ‘ப’வை அடுத்து வரும் ‘த’வை இடக்கிளைக்குக் கொடுப்பதுதான் நீங்கள் சொல்லும் தடுமாற்றம். நிரலிலும் வலக்கிளையைத்தான் முதலில் அழைக்க வேண்டும்:

```python
def build(lo, hi):
    global p
    if lo > hi:
        return None
    r = post[p]
    p -= 1
    k = pos[r]
    assert lo <= k <= hi
    right = build(k + 1, hi)
    left = build(lo, k - 1)
    return (left, r, right)
```

`p` கடைசி இடத்தில் தொடங்கும். `pos` என்பது ஒவ்வொரு எழுத்தும் வேரிடையில் நிற்கும் இடம். இரண்டு அழைப்பையும் இடம் மாற்றினால் இந்த மரத்தில் `assert` உடனே நிறுத்திவிடும்: 0 முதல் 1 வரை உள்ள இடக்கிளைக்குள் ‘த’ வந்து நிற்கும், அதன் இடமோ 5.

அதே சோதனை இன்னொன்றுக்கும் உதவும். வினாவிலேயே அச்சுப்பிழை இருந்து, இரு வரிசைக்கும் பொதுவான மரமே இல்லாமல் போகலாம். வேர்முதல் 1 2 3, வேரிடை 3 1 2 என்று கொடுத்தால் வேர் 1, இடப்பக்கம் 3 மட்டும்; வேர்முதலில் அடுத்து வருவதோ 2. மரம் கிடையாது. 1, 2, 3 மூன்றையும் 6 விதமாக அடுக்கலாம். இந்த வேர்முதலுக்கு அதில் இந்த ஒன்று மட்டும்தான் பொருந்தாது. ஒரே எழுத்து இரண்டு கணுவில் வந்தாலும் `pos` பொருளிழக்கும். ஆகவே வினாவில் எழுத்துகள் வேறுவேறாக இருக்கட்டும்.

ஆரணியிலிருந்து:

தேடல் மரம் என்றுதான் போட்டிருந்தது, மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆனால் ‘வேர்முதல்’ பற்றி எனக்கு ஒரு ஐயம். மட்டம் மட்டமாக மேலிருந்து படிக்கும் நடையும் வேரில்தானே தொடங்குகிறது? அதுவும் வேர்முதல்தானே?

காட்பாடியிலிருந்து:

ஆமாம், இது வலுவான மறுப்பு. வேரிறுதியைத் தலைகீழாக்கினாலும் ‘ப த ய ச ட ம க’ என்று வேரில்தான் தொடங்கும். வேர், வலம், இடம் என்ற நடை அது. எல்லாக் கிளையிலும் வேர் முதல், இடம் வலத்துக்கு முன் என்ற இரண்டையும் ஒரு சொல்லில் அடக்க எனக்கு வழி தெரியவில்லை. மட்டநடைக்குத் தனிப்பெயர் இருப்பதால் வேர்முதலை இந்த ஒன்றுக்கே ஒதுக்கலாம் என்பது என் எண்ணம்.

ராணிப்பேட்டையிலிருந்து:

வேரிடை இருக்கும் வினாவுக்கு மரமீட்பு, இல்லாததற்கு மரமாக்கம் என்று பிரித்தால்? மாணவர் தலைப்பைப் படித்ததுமே ஒன்றா பலவா என்று தெரியும்.

குடியாத்தத்திலிருந்து:

அப்படித் தெரிந்தால் ‘எத்தனை மரங்கள்?’ என்ற வினாவின் விடை தலைப்பிலேயே கசியும். இரண்டுக்கும் மரமாக்கம் என்றே வைத்துக்கொள்ளவா? வேரிடை, வேரிறுதி இரண்டையும் இன்றே தொகுப்பில் மாற்றுகிறேன். வேர்முதலுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கிறேன்.