புதுப்பிப்பு: மூன்று நாட்டுக் கடைகளின் மாத விற்பனையை ரூபாயில் ஒன்றாக்குவது

என் கேள்வி: "திருகோணமலை, சென்னை, கோலாலம்பூர் கடைகளின் மாத விற்பனையை இலங்கை ரூபாயில் கூட்டினால், மே மாதத் தொகை ஏன் கைக்கணக்கோடு ஒத்துப்போகவில்லை?"

உதவிய அனைவருக்கும் நன்றி. மாற்றுவீத அட்டவணையில் மே மாத ரிங்கிட் வரியே இல்லை என்பதைப் பார்க்கச் சொன்ன அக்காவின் யோசனைதான் பலித்தது. VLOOKUP இறுதியில் FALSE இல்லாததால், அது பிழை காட்டாமல் ஏப்ரல் வீதத்தை எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு ரிங்கிட்டுக்கு ஏப்ரலில் 70, மேயில் 72 ரூபாய் என்று வைத்தால், 12,000 ரிங்கிட் விற்பனையில் 24,000 ரூபாய் குறையும். விடுபட்ட வரியைச் சேர்த்து, சூத்திரத்தை இப்படி மாற்றினேன். இதில் A-யில் தேதி, B-யில் நாணயக் குறியீடு, C-யில் விற்பனைத் தொகை; Rates தாளில் A-யில் குறியீடும் மாதமும் சேர்ந்த பெயர், B-யில் வீதம்:

```
=C2*XLOOKUP(TRIM(B2)&"-"&TEXT(A2,"yyyy-mm"),Rates!A:A,Rates!B:B)
```

வீதம் இல்லாவிட்டால் இது #N/A என்று உடனே காட்டிவிடும். TRIM சேர்ப்பதற்கு முன் கோலாலம்பூர் வரிகள் சிலவற்றில், வீதம் இருந்தும் அந்தப் பிழை வந்தது. நான் எதிர்பாராதது இதுதான். அந்தக் கடையினர் அனுப்பிய கோப்பில் MYR என்ற ரிங்கிட் குறியீட்டின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தது.

மாத இறுதி வீதத்தையே எல்லாவற்றுக்கும் இடலாம் என்று தம்பி ஒருவர் சொன்னது பாதி சரி: மாத இறுதியில் வரவேண்டிய நிலுவைக்கு அது பொருந்தும், மாதம் முழுவதும் நடந்த விற்பனைக்கு மாதச் சராசரி வீதமே தகும். வங்கி அனுப்புக் கட்டணம் பற்றி எழுதிய அண்ணாவின் அனுபவம் பயனுள்ளது, ஆனால் என் கணக்கில் பணம் நாடு விட்டு நாடு நகரவில்லை.

ஏப்ரலில் விற்று மேயில் திரும்பிவந்த சரக்கை எந்த மாத வீதத்தில் கழிப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்கு விற்ற மாத வீதத்தையே இடுகிறேன்.