மேகக் கணிமை உரைக்கான கேள்விகள்: உங்கள் உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். இணையம் வழியே பிற நிறுவனங்களின் சர்வர்களை வாடகைக்குப் பயன்படுத்தும் மேகக் கணிமை பற்றிய என் உரைக்குக் கேள்விகளைத் தொகுத்து வருகிறேன். 99.9 சதவீத இயக்கத்துக்கு உறுதியளிக்கப்பட்ட சர்வர், 30 நாள் மாதத்தில் ஏறத்தாழ 43 நிமிடம் முடங்கினாலும் அந்த உறுதி மீறப்படுவதில்லை. அதே உறுதியுள்ள தரவுத்தளம் ஒன்றையும் அது நம்பியிருந்து, இரண்டும் வெவ்வேறு நேரங்களில் முடங்கினால், சேவை மொத்தம் 86 நிமிடம் வரை நிற்கக்கூடும். வரம்பு மீறினாலும் பெரும்பாலும் கட்டணக் கழிவு மட்டுமே கிடைக்கும். வியாபார இழப்பு நம்முடையதே. இதற்காக வேறொரு மேகக் கணிமை நிறுவனத்திலும் சேவையின் பிரதி வைத்தால், இரட்டைச் செலவோடு, வெளியே அனுப்பும் தரவுக்கும் பொதுவாகக் கட்டணம் உண்டு. எந்த அளவு இழப்புக்கு மேல் இச்செலவு நியாயமாகும் என்பதே என் முதன்மைக் கேள்வி. மேகக் கணிமை நிறுவனத்தை மாற்றிய அனுபவமுள்ளவர்கள், தரவை நகர்த்துவதா, அந்நிறுவனத்துக்கே உரிய சேவைகளை நம்பி எழுதிய நிரலை மாற்றுவதா, எது அதிகக் காலம் எடுத்தது என்று தெரிவித்தால், அதையும் கேள்வியாக்குவேன்.