கட்டடம் கட்டியாச்சு, தீர்ப்பும் வந்தாச்சு, பிறகு 2017 முதலே சட்டம் வேறு என்றால் எப்படி?

செக்காலைக்காரன்:
காரைக்குடி செக்காலை ரோட்டில் 2023-24இல் வாடகைக்கு விடுவதற்காக ஒரு வணிகக் கட்டடம் கட்டினேன். சிமென்ட், கம்பி, டைல்ஸ் எல்லாம் நானே வாங்கி, கொத்தனாருக்குக் கூலி கொடுத்துக் கட்டியது. பொருளுக்குக் கொடுத்த ஜிஎஸ்டி மட்டும் 38 லட்சம். வாடகைக்கு விடும் கட்டடத்துக்குக் கொடுத்த வரியையும் கழித்துக்கொள்ள வழி உண்டு என்று 2024 அக்டோபர் 3ஆம் தேதி சஃபாரி ரிட்ரீட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும், ஆடிட்டர் சொன்னபடி நவம்பரில் தாக்கல் செய்த ரிட்டர்னில் அதை, நான் கட்ட வேண்டிய வரியில் கழிக்கும் இன்புட்டாக எடுத்தேன். மாத வாடகை 3 லட்சம். அதன் வரி 54,000 ரூபாயை மார்ச் மாத ரிட்டர்ன் வரை இதிலிருந்தே கழித்தேன். இப்போது 2025 நிதிச் சட்டம், 2017 ஜூலை 1 முதலே இந்த இன்புட் கிடையாது என்கிறது. எடுத்த அன்று சரியாக இருந்தது பிறகு எப்படித் தவறாகும்? வட்டியும் கட்ட வேண்டுமா?

கோட்டையூர் வியாபாரி:
ஒரு ரூபாய் கட்டாதீங்க அண்ணே. முன்தேதியிட்டுச் சட்டம் போடக் கூடாது என்று அரசியலமைப்பின் 20ஆவது பிரிவே சொல்கிறது. வோடஃபோன் மீது 1962 முதல் செல்லும்படி சட்டம் கொண்டுவந்தார்களே, அதைச் சர்வதேசத் தீர்ப்பாயம் ரத்து செய்துவிட்டது. கோர்ட்டுக்குப் போனால் முதல் நாளே தடை கிடைக்கும்.

வரிவழக்கு மதுரை:
இதை நம்பி யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம். 20ஆவது பிரிவு குற்றத்துக்கும் தண்டனைக்கும்தான் பொருந்தும், வரிக்கு அல்ல. வரிச் சட்டத்தை முன்தேதியிட்டு மாற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை நம் நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாக ஏற்றே வருகின்றன. 1969இல் பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்கில் ஒரு வரம்பு வைத்தார்கள். தீர்ப்பு செல்லாது என்று வெறுமனே சொல்லிவிட முடியாது, அந்தத் தீர்ப்புக்குக் காரணமான குறையைச் சட்டத்திலேயே நீக்க வேண்டும்.

வோடஃபோனில் நடந்ததும் வேறு. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வரி இல்லை என்றது. அதே ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 9ஆவது பிரிவுக்கு 1962 ஏப்ரல் 1 முதல் செல்லும்படி விளக்கம் சேர்த்தது. 2020இல் தீர்ப்பாயம் இந்தியச் சட்டத்தை ரத்து செய்யவில்லை. நெதர்லாந்துடன் நாம் போட்ட முதலீட்டு ஒப்பந்தத்தை இந்தியா மீறியது என்றுதான் சொன்னது. அந்தத் திருத்தத்தால் வந்த கோரிக்கைகளைக் கைவிட 2021இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. வோடஃபோனுக்கு ஒப்பந்தம் என்ற கதவு இருந்தது. செக்காலை ரோட்டில் கட்டடம் கட்டியவருக்கு அது கிடையாது. எனக்கு மனது உறுத்துவது இந்த இடத்தில்தான்.

தேவகோட்டை ஓய்வு:
வணிகவரித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மறுபக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து கட்டடத்துக்கு இன்புட் இல்லை என்றுதான் துறையும் வியாபாரிகளும் பெரும்பாலான ஆடிட்டர்களும் புரிந்துகொண்டிருந்தோம். இன்புட் எதற்கெல்லாம் கிடையாது என்று சொல்லும் 17(5) பிரிவின் (டி)யில், விலக்குப் பெறுவது ‘பிளான்ட் ஆர் மெஷினரி’ என்று விழுந்தது எழுத்துப் பிழை. அந்த ‘ஆர்’ இருந்ததால்தான் வாடகைக் கட்டடமும் தனியே ‘பிளான்ட்’ ஆகலாம் என்றது நீதிமன்றம். பக்கத்து வரிகளில் எல்லாம் ‘பிளான்ட் அண்ட் மெஷினரி’தான், அதற்கான விளக்கத்தில் கட்டடம் சேராது என்றும் தெளிவாக இருக்கிறது. 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடிப் பரிந்துரைத்தது, நாடாளுமன்றம் திருத்தியது. கவுன்சிலில் எல்லா மாநிலங்களும் இருக்கின்றன.

அப்புறம் செக்காலைக்காரரைக் கேட்கிறேன். 2023இல் நீங்கள் அஸ்திவாரம் தோண்டும்போது இந்த 38 லட்சம் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டா தோண்டினீர்கள்? இல்லையே. வாடகையும் அது வராது என்று நினைத்துத்தானே பேசியிருப்பீர்கள்? நம்பி ஏமாந்தால்தான் அநியாயம். எதிர்பாராமல் வந்தது போனால் அது எப்படி அநியாயம்?

வரிவழக்கு மதுரை:
ஐயா, இது பலமான வாதம்தான், ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். ஆனால் எழுத்துப் பிழை என்பதை அரசு உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லிப் பார்த்தது. 2016 நவம்பரில் கருத்துக் கேட்டுச் சுற்றுக்கு விட்ட மாதிரிச் சட்டத்தில் இரண்டு இடத்திலும் ‘அண்ட்’ இருந்தது. இயற்றியபோது (டி)யில் மட்டும் ‘ஆர்’ ஆனது. ஆகவே தெரிந்தே மாற்றியதாகத்தான் கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். பிழை என்றால் இத்தனை வருடத்தில் திருத்தியிருக்கலாமே என்றும் சேர்த்துச் சொன்னது. ஒடிசா உயர் நீதிமன்றம் கட்டடக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது 2019இலேயே. அன்றே ‘இனிமேல்’ என்று ஒரு திருத்தம் வந்திருந்தால் 2023இல் அஸ்திவாரம் தோண்டியவருக்குச் சட்டம் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

2025 திருத்தம் அப்படி வரவில்லை. எந்த நீதிமன்றத் தீர்ப்பு எப்படி இருந்தாலும், ‘ஆர்’ என்ற இடத்தில் ஆரம்பம் முதலே ‘அண்ட்’ என்றே படிக்க வேண்டும் என்கிறது. வழக்கில் ஒரு தரப்பு அரசு. அங்கே தோற்ற வாதத்தையே பழைய தேதியிட்டுச் சட்டமாக்கிக்கொள்கிறது. எதிர்த்தரப்பு வென்றிருந்தால் அதற்கு அந்த வழி உண்டா? நம்பி ஏமாந்தாரா என்பது ஒரு கேள்வி. அச்சில் இருக்கும் சட்டத்தைப் படித்து ஒருவர் நடக்க முடியுமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

பள்ளத்தூர் ஆச்சி:
எங்கள் கதையும் இதேதான். கானாடுகாத்தானில் பூர்வீக வீடு, பங்காளிகள் பல பேர், எல்லோரும் கையெழுத்துப் போட்டு விற்கவே இவ்வளவு காலமாகிவிட்டது. இதற்குள் 2024 ஜூலையில், விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப அடக்க விலையைக் கூட்டிக் காட்டும் இண்டெக்சேஷனை எடுத்துவிட்டார்கள். அந்த வீடு அப்பச்சி காலத்திலிருந்து இருக்கிறது. அதற்குப் போய் இப்போது புது விதி என்றால் இதுவும் பின்னால் போய்ப் போட்ட சட்டம்தானே?

வரிவழக்கு மதுரை:
ஆச்சி, உங்களது வேறு வகை. அங்கே வரி விழுவது வீட்டை வைத்திருப்பதற்கு அல்ல, விற்பதற்கு. விற்கும் நாளில் இருக்கும் சட்டம்தான் உங்களுக்கு. அந்த நாள் இன்னும் வரவில்லை, விலையை மாற்றலாம், விற்காமலும் இருக்கலாம். செக்காலைக்காரருக்குப் பொருள் வாங்கியது, ரிட்டர்ன் போட்டது எல்லாம் முடிந்த கதை. இனி அவரால் மாற்ற முடியாது. முடிந்ததைத் தொடுவதுதான் முன்தேதியிட்ட சட்டம்.

நல்ல சேதியும் உண்டு. அந்த மாற்றத்துக்கு எதிர்ப்பு கிளம்பியதும், 2024 ஜூலை 23க்கு முன்பே கையில் இருந்த நிலம், வீட்டுக்கு உள்நாட்டில் வசிக்கும் தனிநபர்களும் இந்துக் கூட்டுக் குடும்பங்களும் பழைய கணக்குப்படி 20 சதவீதம், புதுக் கணக்குப்படி 12.5 சதவீதம் இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம் என்று திருத்தினார்கள். பூர்வீக வீடு என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம். அன்றைய கைடுலைன் மதிப்பைத் தாண்டக் கூடாது. பங்காளிகளில் யாராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ குடியிருந்தால் அவர்கள் பங்குக்கு அந்தப் பழைய கணக்குச் சலுகை இல்லை. கிரையத்துக்கு முன்பே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூர் வியாபாரி:
20ஆவது பிரிவு விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். நானும் ஒரு கட்டடம் காண்ட்ராக்டர் வைத்துக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். அவர் பில்லில் 18 சதவீதம் போட்டார். எனக்கும் இதே பாதிப்புத்தானே?

வரிவழக்கு மதுரை:
இல்லை. பொருளும் வேலையும் சேர்த்து காண்ட்ராக்டர் கட்டினால் அது 17(5)(சி). அங்கே முதலிலிருந்தே ‘அண்ட்’தான். உச்ச நீதிமன்றத் தீர்ப்பாலும் உங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை, திருத்தத்தாலும் எதுவும் போகவில்லை. தீர்ப்பைப் பார்த்து இன்புட் எடுத்திருந்தால் உடனே திருப்புங்கள்.

செக்காலைக்காரரே, வட்டிக் கணக்கு நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 50(3) பிரிவின்படி இன்புட் எடுத்ததற்கு வட்டி இல்லை, எடுத்துப் பயன்படுத்தியதற்கு மட்டும்தான். 38 லட்சத்தை லெட்ஜரில் திருப்ப வேண்டும். பயன்படுத்தியது ஆறு மாதம், மாதம் 54,000, ஆக 3,24,000. அதைப் பணமாகக் கட்ட வேண்டிவரும். வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம், ஒவ்வொரு ரிட்டர்ன் தேதியிலிருந்தும் ஓடும். நவம்பர் 2025இல் திருப்பினால் முதல் 54,000க்குப் 12 மாதம், கடைசிக்கு 7 மாதம், மொத்தம் 57 மாத வட்டி, 46,170 ரூபாய். வேறு இன்புட் லெட்ஜரில் கிடந்திருந்தால் இன்னும் குறையும். நோட்டீஸ் வருமுன் வரியும் வட்டியும் கட்டினால், மோசடி இல்லாத இனத்தில் தண்டமும் இல்லை.

தேவகோட்டை ஓய்வு:
இந்த 50(3) எப்படி வந்தது என்பதையும் சொல்லுங்கள். அதையே 2022இல்தான் 2017 ஜூலை முதல் செல்லும்படி மாற்றினார்கள். 2024இல் கொண்டுவந்த 16(5) பிரிவும் அப்படித்தான். 2017-18 முதல் 2020-21 வரை காலம் தப்பி இன்புட் எடுத்த சிறு வியாபாரிகள் அதனால் தப்பித்தார்கள். வியாபாரிக்கு லாபமாக இருக்கும்போது முன்தேதி இனிக்கிறது, அரசுக்கு வரும்போது மட்டும் சட்டத்தின் ஆட்சி போய்விட்டதா?

வரிவழக்கு மதுரை:
இரண்டும் ஒன்றல்ல, ஐயா. தன் உரிமையை ஒருவர் தானே விட்டுக்கொடுக்கலாம், அடுத்தவர் உரிமையை அவர் எடுக்க முடியாது. அரசு பழைய சுமையை இறக்கினால் யாரும் தன் நடத்தைக்காகத் தண்டிக்கப்படுவதில்லை. அதிலும் ஒரு குறை உண்டு. 16(5) வருமுன்பே நேர்மையாக வரி கட்டியவர்களுக்கு அது திரும்பக் கிடைக்காது என்று அதே சட்டம் சொல்லிவிட்டது. கட்டியவர் இழந்தார், கட்டாமல் வழக்காடியவர் பிழைத்தார். அடுத்த முறை எவர் உடனே கட்டுவார்?

செக்காலைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. 38 லட்சம் போவதைக்கூட ஏற்றுக்கொள்ளலாம், தேவகோட்டை ஐயா சொன்னது போல அதை எண்ணிக் கட்டவில்லை. இந்த 46,170தான் நெஞ்சில் நிற்கிறது. தாமதத்துக்குத்தான் வட்டி. 2024 நவம்பரில் நான் எதைத் தாமதித்தேன்? 2021 சட்டத்தில் வோடஃபோன், கெய்ர்ன் மாதிரிக் கம்பெனிகளுக்கு வசூலித்ததைத் திருப்பித் தந்தபோது, அரசு வட்டி தராது என்று எழுதிக்கொண்டார்களே.

தேவகோட்டை ஓய்வு:
வட்டி விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வரியை முன்தேதியிட்டாலும், திருத்தம் வந்த நாள் வரை வட்டி கிடையாது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஆனால் திருத்தமே கூடாது என்பதை இன்னமும் ஏற்க மாட்டேன்.

வரிவழக்கு மதுரை:
கட்டும்போது ஆட்சேபத்துடன் கட்டுவதாக அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, ஏற்பு முத்திரையோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வட்டியை மட்டும் எதிர்த்து ரிட் போட்டால் நிற்குமா என்பதில் எங்கள் வக்கீல்களுக்குள்ளேயே கருத்து இரண்டாக இருக்கிறது. நான் போடலாம் என்ற பக்கம்.